லிமிட்டை உயர்த்திய வங்கி, ஜாமீன்தாரரிடம் சொல்லவில்லை

ஜாமீன் கையெழுத்துப் போட்டவருக்கு வங்கியிலிருந்து நோட்டீஸ் வந்தால் அவர் முதலில் கேட்பது, "அவன் வாங்கின கடனுக்கு நான் ஏன் கட்டணும்?" என்பதுதான். நீதிமன்றத்தில் இந்தக் கேள்விக்கு மதிப்பில்லை. கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பும் அவ்வளவே என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு. முதலில் கடன்காரரைத் துரத்திவிட்டு வாருங்கள் என்று வங்கியிடம் சொல்லவும் முடியாது. பேங்க் ஆஃப் பீகார் தாமோதர் பிரசாத் மீது தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது.

ஆனால் ஜாமீன்தாரர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நான் கையெழுத்துப் போட்ட அதே கடன்தானா இது? இந்தக் கேள்வியைச் சரியான காகிதங்களோடு கேட்டால் பொறுப்பு பெருமளவு குறையலாம். சில வேளைகளில் முழுவதும் நீங்கலாம். எப்படி என்று பார்க்க, சட்டக் கல்லூரித் தேர்வில் வருவதைப் போன்ற ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம்.

வழக்கு

ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை. அவருடைய தம்பி பள்ளிபாளையத்தில் விசைத்தறி நடத்துகிறார். நூல் வாங்கவும் கூலி கொடுக்கவும் தம்பிக்கு ஒரு வங்கி 8 லட்சம் ரூபாய் லிமிட்டில் கேஷ் கிரெடிட் கணக்கு கொடுக்கிறது. வட்டி 11 சதவீதம். துணி விற்ற பணத்தைக் கணக்கில் கட்டலாம், தேவைப்படும்போது மறுபடி எடுக்கலாம், நிலுவை மட்டும் 8 லட்சத்தைத் தாண்டக் கூடாது. இந்தக் கணக்குக்கு அக்கா ஜாமீன்தாரர். கையெழுத்துப் போட்ட நாளுக்குப் பிறகு அவர் வங்கிப் பக்கம் போனதில்லை.

ஒன்றரை ஆண்டு கழித்துத் தம்பி கூடுதல் பணம் கேட்கிறார். அன்றைக்குக் கணக்கில் நிலுவை 5,40,000 ரூபாய். வங்கி அதே கணக்கின் லிமிட்டை 15 லட்சமாக உயர்த்தி, வட்டியையும் 13 சதவீதமாக்குகிறது. புதிய அனுமதிக் கடிதத்தில் தம்பி கையெழுத்துப் போடுகிறார். அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்து வந்த மாதங்களில் தம்பி கணக்கில் கட்டியது மொத்தம் 3,40,000 ரூபாய். எடுத்தது 12 லட்சம். கணக்கு எளிதாக இருப்பதற்காக வட்டியை ஒதுக்கி வைப்போம். நிலுவை 14 லட்சம். அதன் பிறகு வரவு நின்றுபோகிறது. வங்கியும் தம்பியும் உட்கார்ந்து பேசி எழுத்தில் ஓர் ஏற்பாடு செய்துகொள்கிறார்கள்: 14 லட்சத்தை 36 மாதத் தவணையில் கட்ட வேண்டும், வட்டி அரை சதவீதம் கூடும், தவணை ஒழுங்காக வரும்வரை வங்கி வழக்குப் போடாது. இதுவும் அக்காவுக்குத் தெரியாது. தம்பி ஒரு தவணைகூடக் கட்டவில்லை.

இப்போது ஆசிரியைக்கு நோட்டீஸ் வருகிறது. 8 லட்சமும் அதற்கான வட்டியும் கட்ட வேண்டுமாம். வங்கியின் வாதம் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது: "15 லட்சத்தை உங்களிடம் கேட்கவில்லையே, மேடம். நீங்கள் ஒப்புக்கொண்ட 8 லட்சத்தைத்தானே கேட்கிறோம்?"

ஆசிரியை எவ்வளவு கட்ட வேண்டும்?

மாற்றத்துக்கு முன், மாற்றத்துக்குப் பின்

வங்கியின் வாதத்துக்கு விடை 133-ஆம் பிரிவில் இருக்கிறது. கடன் கொடுத்தவரும் கடன் வாங்கியவரும் தங்களுக்குள் உள்ள ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை ஜாமீன்தாரரின் சம்மதம் இல்லாமல் மாற்றினால், அந்த மாற்றத்துக்குப் பிறகு நடந்த கொடுக்கல் வாங்கல்களைப் பொறுத்தவரை ஜாமீன்தாரர் விடுவிக்கப்படுகிறார். இதுதான் அந்தப் பிரிவின் சாரம்.

ஏன் இப்படி ஒரு விதி? ஜாமீன்தாரருக்கு இந்தக் கடனால் பெரும்பாலும் ஒரு பைசா வரவில்லை. தம்பி 8 லட்சத்துக்குள் புழங்குவான், 11 சதவீத வட்டியைத் தாங்குவான் என்று கணித்து ஓர் ஆபத்தை ஏற்றுக்கொண்டார். 15 லட்சக் கடனாளியான தம்பி வேறொரு ஆபத்து. அப்படிப்பட்டவர் 8 லட்சத்தைக்கூடத் திருப்பித் தராமல் விழுந்துபோக வாய்ப்பு அதிகம். ஆகவே, "உங்கள் 8 லட்சத்தைத் தாண்டவில்லையே" என்ற சமாதானம் போதாது. தொகை அதேதான், அது திரும்பி வராமல் போகும் ஆபத்தை அவரைக் கேட்காமலே கூட்டிவிட்டார்கள்.

இந்த விஷயத்தில் சட்டம் எவ்வளவு கறாராக இருக்கிறது என்பதை அந்தப் பிரிவின் கீழ் சட்டமே தரும் ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். ஒருவர் மார்ச் 1-ஆம் தேதி 5,000 ரூபாய் கடன் தருவதாக ஒப்பந்தம்; அதற்கு இன்னொருவர் ஜாமீன். கடன் கொடுப்பவர் அந்தப் பணத்தை ஜனவரி 1-ஆம் தேதியே கொடுத்துவிடுகிறார். ஜாமீன்தாரர் விடுபடுகிறார். பணத்தைக் கேட்டு வழக்குத் தொடரும் நாள் முன்னால் வந்துவிடக்கூடும் என்பதே காரணம். ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை, தேதி மட்டும்தான் மாறியது.

ஆனால் எந்தச் சிறு மாற்றமும் ஜாமீனை உடைத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. அனிருத்தன் என்பவருக்கும் தாம்கோஸ் வங்கிக்கும் நடந்த வழக்கில், ஜாமீன் பத்திரத்தில் 25,000 என்று எழுதியிருந்தது. 20,000-க்கு மேல் தர முடியாது என்று வங்கி சொன்னதால், கடன் வாங்கியவரே அந்த எண்ணை 20,000 ஆகத் திருத்திக் கொடுத்துவிட்டார். ஜாமீன்தாரருக்குத் தெரியாமல் நடந்த திருத்தம்தான். ஆனாலும் அது அவருடைய சுமையைக் குறைத்ததே தவிரக் கூட்டவில்லை. உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு அவரை விடுவிக்கவில்லை. ஒப்பந்தத்திலேயே எதிர்பார்த்த மாற்றமும் மாற்றமாகாது. வங்கியின் அடிப்படை விகிதத்தோடு வட்டி ஏறி இறங்கும் என்று முதல் நாளே எழுதியிருந்தால், வட்டி ஏறியதை வைத்து ஜாமீன்தாரர் வாதாட முடியாது.

நம் ஆசிரியையின் வழக்கு இந்த இரண்டிலும் சேராது. லிமிட் ஏறக்குறைய இருமடங்காகியிருக்கிறது. வட்டி புதிய அனுமதிக் கடிதத்தால் கூடியிருக்கிறது. இது மாற்றம்தான். ஒருவேளை வங்கி பழைய கணக்கைத் தொடாமல், கூடுதல் 7 லட்சத்துக்குத் தனிக் கணக்குத் திறந்திருந்தால் நிலைமை வேறு. அது புதிய கடன்; பழைய கணக்குக்கு ஆசிரியையின் ஜாமீன் அப்படியே தொடர்ந்திருக்கும்.

ஐந்து நாற்பது எப்படி இரண்டாகிறது

மாற்றத்துக்குப் பின் நடந்தவற்றுக்கு ஆசிரியை பொறுப்பில்லை. அதற்கு முன் சேர்ந்த கடனுக்குப் பொறுப்பு உண்டு. இந்த இடத்தில் இந்தியச் சட்டம் பழைய ஆங்கில விதியை விடச் சற்றுக் கண்டிப்பானது. இங்கிலாந்தில் 1878-இல் ஹோம் எதிர் பிரன்ஸ்கில் என்ற வழக்கில், குத்தகை நிலத்தில் ஒரே ஒரு வயலை விட்டுக்கொடுத்து வாடகையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டதற்கே, ஜாமீன்தாரர் முழுவதும் விடுபட்டார். நம் 133-ஆம் பிரிவு அவ்வளவு தூரம் போவதில்லை. மாற்றம் நடந்த நாளில் ஒரு கோடு கிழித்து, அதற்குப் பிறகு வந்தவற்றை மட்டுமே நீக்குகிறது.

அப்படியானால் ஆசிரியை 5,40,000 கட்ட வேண்டும், இல்லையா? பல ஜாமீன்தாரர்களும், ஏன் சில வழக்கறிஞர்களும், இதோடு நின்றுவிடுவார்கள். இன்னும் ஒரு படி பாக்கியிருக்கிறது.

கோடு கிழித்த நாளுக்குப் பிறகு தம்பி 3,40,000 கட்டியிருக்கிறார். அது எந்தக் கடனில் கழியும்? பழைய 5,40,000-இலா, பிறகு எடுத்த 12 லட்சத்திலா? இதற்கு ஒப்பந்தச் சட்டத்தின் 59 முதல் 61 வரையுள்ள பிரிவுகளைப் பார்க்க வேண்டும். எந்தக் கடனுக்காகக் கட்டுகிறேன் என்று பணம் கட்டுகிறவர் சொல்லலாம். அவர் சொல்லாவிட்டால் வாங்குகிறவர் தீர்மானிக்கலாம். இருவருமே தீர்மானிக்காவிட்டால், கடன்கள் உண்டான கால வரிசைப்படி, பழையது முதலில் கழியும். ஒரே கணக்கில் வரவும் பற்றும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்போது, முதலில் வந்த பற்றில் முதலில் வந்த வரவு கழிகிறது என்றே பொதுவாகக் கொள்ளப்படும். ஆங்கிலேய நீதிமன்றம் 1816-இல் கிளேட்டன் வழக்கு என்று பெயர்பெற்ற தீர்ப்பில் சொன்ன விதியும் இதுவே.

நம் வழக்கில் வங்கி பழைய நிலுவையைத் தனியாக ஒதுக்கவில்லை. கணக்கு எண் மாறவில்லை, வரிசை அறுபடவில்லை. ஆகவே தம்பி கட்டிய ஒவ்வொரு ரூபாயும் முதலில் பழைய 5,40,000-ஐத்தான் கரைத்தது. அதிலிருந்து 3,40,000 போனால் மீதி 2,00,000. தம்பி இன்னும் 2 லட்சம் கட்டியிருந்தால், மொத்த நிலுவை என்னவாக இருந்தாலும், ஆசிரியை ஜாமீன் நின்ற பழைய கடன் தீர்ந்தே போயிருக்கும்.

இந்தக் கணக்கு வங்கிகளுக்கு நன்றாகத் தெரியும். ஜாமீன்தாரர் இறந்தாலோ ஜாமீனைத் திரும்பப் பெற்றாலோ, விவரம் தெரிந்த மேலாளர் அன்றே பழைய கணக்கை நிறுத்திவிட்டுப் புதிய கணக்கில் வரவு வைப்பார். லிமிட்டை உயர்த்தும்போது பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. அதனால் ஜாமீன்தாரர் கையில் இருக்க வேண்டிய முதல் ஆதாரம், கணக்கின் முழு ஸ்டேட்மென்ட். கடைசி நிலுவையைப் பார்த்தால் போதாது. மாற்றம் நடந்த நாளின் நிலுவை எவ்வளவு, அதற்குப் பிறகு மொத்த வரவு எவ்வளவு என்ற இரண்டு எண்களைத் தேடி எடுக்க வேண்டும்.

தவணை கொடுத்ததும், சும்மா இருந்ததும்

மிச்சம் 2 லட்சம். இனி அந்தத் தவணை ஏற்பாட்டைப் பார்ப்போம். 135-ஆம் பிரிவின்படி, ஜாமீன்தாரரின் ஒப்புதல் இல்லாமல், கடன் கொடுத்தவர் கடன் வாங்கியவரோடு கடனைச் சுருக்கிச் சமரசம் செய்துகொண்டாலோ, கால அவகாசம் தருவதாகவோ வழக்குத் தொடர்வதில்லை என்றோ ஒப்பந்தம் செய்துகொண்டாலோ, ஜாமீன்தாரர் விடுவிக்கப்படுகிறார். மாற்றத்துக்குப் பிந்தைய கொடுக்கல் வாங்கலுக்கு மட்டும் என்ற வரம்பு இந்தப் பிரிவில் இல்லை.

இதற்கும் காரணம் உண்டு. கடன் தவணை தவறியதும் ஜாமீன்தாரர் தானே பணத்தைக் கட்டிவிட்டு, வங்கியின் இடத்தில் நின்று கடன்காரரிடம் உடனே வசூலிக்கலாம். 140-ஆம் பிரிவு தரும் உரிமை அது. தம்பியிடம் தறிகள் இருக்கும்போதே, கையில் சரக்கு இருக்கும்போதே, அக்கா அதைச் செய்திருக்கலாம். 36 மாதம் வழக்குப் போடுவதில்லை என்று வங்கி கையைக் கட்டிக்கொண்டதும், வங்கியின் இடத்தில் நிற்கப்போகும் அக்காவின் கையும் சேர்ந்தே கட்டப்பட்டுவிட்டது.

ஆனால் இங்கே ஒரு நுட்பம். வங்கி வெறுமனே சும்மா இருந்தால் ஜாமீன்தாரர் விடுபட மாட்டார். "பண்டிகை முடியட்டும், பார்த்துக்கலாம்" என்று மேலாளர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தாலோ, ஓராண்டு நோட்டீஸே அனுப்பாமல் விட்டிருந்தாலோ, அது வெறும் பொறுமை. ஜாமீன் தொடரும் என்கிறது 137-ஆம் பிரிவு. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: மறுநாளே வங்கி வழக்குப் போட்டிருந்தால், "ஒப்பந்தத்தை மீறுகிறீர்கள்" என்று தம்பி சொல்லியிருக்க முடியுமா? முடியும் என்றால் அது அவகாச ஒப்பந்தம். நம் வழக்கில் முடியும். ஏற்பாடு எழுத்தில் இருக்கிறது. கூடுதல் அரை சதவீத வட்டி என்ற பிரதிபலனும் இருக்கிறது. தம்பி பிறகு தவணை கட்டாமல் போனதால் ஆசிரியையின் விடுதலை ரத்தாகிவிடாது. அது ஒப்பந்தம் ஆன நாளிலேயே கிடைத்துவிட்டது.

ஆகவே, சட்டப் பிரிவுகளை மட்டும் வைத்துப் பார்த்தால், ஆசிரியை அந்த 2 லட்சமும் கட்ட வேண்டியதில்லை.

பொடி எழுத்தில் உள்ள நிபந்தனை

இதோடு முடிந்துவிட்டால் எல்லா ஜாமீன்தாரர்களும் நிம்மதியாக இருக்கலாம். வங்கிகளின் அச்சிட்ட ஜாமீன் பத்திரங்களில் பெரும்பாலும் இன்னொரு நிபந்தனை இருக்கும். கடனின் விதிமுறைகளை வங்கி மாற்றலாம், கடன்காரருக்கு அவகாசம் தரலாம், அதற்கு என்னைக் கேட்க வேண்டியதில்லை, ஒப்பந்தச் சட்டத்தின் 133, 134, 135, 139, 141 பிரிவுகள் எனக்குத் தரும் உரிமைகளை விட்டுக்கொடுக்கிறேன் என்ற பொருளில் அது எழுதப்பட்டிருக்கும். கையெழுத்துப் போட்டவர் படித்திருக்க மாட்டார். ஆனாலும் அந்த நிபந்தனை செல்லும் என்றே டெல்லி, கர்நாடக உயர் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன. இந்த உரிமைகள் ஜாமீன்தாரரின் நன்மைக்காகத் தரப்பட்டவை, அவரே முன்கூட்டி விட்டுக்கொடுக்கலாம் என்பது அவற்றின் தர்க்கம். 133-ஆம் பிரிவு கேட்பது சம்மதம்; அந்தச் சம்மதத்தை முதல் நாளே எழுதி வாங்கிவிட்டதாக வங்கி சொல்லும்.

ஆசிரியையின் பத்திரத்தில் இந்த நிபந்தனை முழுமையாக இருந்தால், வங்கி 8 லட்சத்தைக் கேட்டு வெல்ல வாய்ப்பு அதிகம். ஆனாலும் அந்த வரிகளை ஒரு சொல் விடாமல் படிக்க வேண்டும். ஜாமீன் பத்திரத்தில் சந்தேகம் வந்தால், அதை எழுதிய வங்கிக்குச் சாதகமாக இழுத்துப் பொருள்கொள்வதில்லை. "அவகாசமும் சலுகையும் தரலாம்" என்று மட்டும் இருந்தால், அது தவணை ஏற்பாட்டுக்குப் பொருந்தும். லிமிட்டை இருமடங்காக்குவதற்குப் பொருந்தாது. அப்போது 135-ஆம் பிரிவு கைவிட்டுப் போகும், 133 நிற்கும், விடை 2 லட்சம். மாற்றங்களுக்குப் பொதுவாகச் சம்மதிக்கும் நிபந்தனைக்குக்கூட எல்லை உண்டு என்று இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005-இல் ட்ரையோடாஸ் வங்கி வழக்கில் சொன்னது: பழைய கடனின் வட்டத்துக்குள் வராத, அதைவிடப் பெரிய புதிய கடனுக்கு அது நீளாது. அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. வாதத்துக்குத் துணையாக வரும்.

சம்மதம் பின்வாசல் வழியாக வருவதும் உண்டு. கடன் வழக்குக்கு மூன்றாண்டுக் காலவரையறை என்பதால், அது முடியும் முன் வங்கி ஒரு கடன் ஒப்புதல் கடிதத்தை நீட்டி ஜாமீன்தாரரிடமும் கையெழுத்துக் கேட்கும். "சும்மா ரெனியூவலுக்குத்தான்" என்பார்கள். அதில் 15 லட்சம் என்ற புதிய லிமிட் எழுதியிருந்தால், மாற்றத்தை அறிந்து ஏற்றுக்கொண்டதற்கு அதையே ஆதாரமாகக் காட்டுவார்கள். தம்பி லிமிட்டைக் கூட்டியது ஆசிரியையின் காதுக்கு எட்டியிருந்தால், அது மட்டுமே சம்மதமாகிவிடாது. அந்தக் கடிதத்தில் போடும் கையெழுத்து சம்மதமாகிவிடலாம்.

நோட்டீஸ் கையில் வந்தால்

ஆசிரியை செய்ய வேண்டியது இது. முதலில் வங்கிக்கு எழுத்தில் விண்ணப்பித்து நான்கு காகிதங்களைக் கேட்க வேண்டும்: தான் கையெழுத்திட்ட ஜாமீன் பத்திரத்தின் நகல், முதல் அனுமதிக் கடிதம், லிமிட்டை உயர்த்திய கடிதம், கணக்கு திறந்த நாள் முதல் முழு ஸ்டேட்மென்ட். தவணை ஏற்பாடு நடந்ததாகத் தெரிந்தால் அதன் நகலையும் கேட்க வேண்டும். நோட்டீஸுக்குத் தரும் பதிலில், எந்த மாற்றத்துக்கும் தான் சம்மதிக்கவில்லை என்பதை முதலிலேயே பதிவு செய்ய வேண்டும். "கொஞ்சம் டைம் குடுங்க, கட்டிடறேன்" என்று எழுதிவிட்டுப் பிறகு இந்த வாதத்தை எடுத்தால் அது பலவீனப்பட்டுவிடும்.

கோரிக்கை 20 லட்சத்துக்குக் குறைவு என்பதால் வழக்கு கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகாது. சிவில் நீதிமன்றத்துக்கு வரும். சாதாரண வழக்கில் சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் எதிர்வாதவுரை தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் அதை 90 நாள் வரை நீட்டிக்கலாம். அந்த உரையில் மாற்றம் நடந்த தேதி, அன்றைய நிலுவை, பிறகு வந்த வரவு ஆகிய மூன்றும் எண்களாக இருக்க வேண்டும். "எனக்குத் தெரியாமல் மாற்றிவிட்டார்கள்" என்ற பொதுவான குறை வழக்கைத் தாங்காது.

விடையைத் தொகுத்துச் சொன்னால் இப்படி. பத்திரத்தில் விட்டுக்கொடுக்கும் நிபந்தனை எதுவும் இல்லையென்றால், ஆசிரியை கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. அவகாசத்துக்கு மட்டும் சம்மதித்திருந்தால், 2 லட்சமும் அதற்கான வட்டியும். எல்லா மாற்றத்துக்கும் முன்கூட்டியே சம்மதித்திருந்தால், 8 லட்சமும் வட்டியும். எனவே அடுத்த முறை உறவினர் ஒருவர் வங்கிக்கு அழைத்துப்போய்ப் பேனாவைக் கையில் கொடுக்கும்போது, 133 என்ற எண் பத்திரத்தில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். இருந்தால், லிமிட்டையோ தவணையையோ மாற்றும் முன் ஜாமீன்தாரரின் எழுத்துப்பூர்வ சம்மதம் பெற வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். வங்கி மறுத்தால், கடன் எப்படி வளர்ந்தாலும் பத்திரத்தில் உள்ள உச்சத் தொகையை முழுவதும் உங்கள் பணத்திலிருந்து கட்ட முடியுமா என்று கணக்குப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.